ஓர் எண்ணின் ஊரைத் தேடி

(வளரறி மதிப்பீடு குறித்த ஆய்வேட்டில் இரண்டாம் இயலை எழுதுவது பற்றி எம்.எட். மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



எம்.எட். மாணவர்களே, அவர்களுக்கு நெறியாளர்களாக இருக்கும் பேராசிரிய நண்பர்களே, ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். ‘தொடர்புடைய ஆய்வுகளின் மீள்நோக்கு’ என்று நாம் தலைப்பிடும் இயல் அது. உங்களில் பலர் வளரறி மதிப்பீட்டை ஆய்வுப் பொருளாக எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே இன்று அந்தப் பொருளை விட்டு வெளியே போகமாட்டேன். அதிலும் ஒரே ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று பார்க்கலாம். இரண்டாம் இயலை எப்படிக் கட்டுவது என்பது அந்தத் தேடலிலேயே தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி, எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரறி மதிப்பீட்டின் விளைவைத் தலைப்பாக எடுத்திருந்தார். பி.எட். மாணவ ஆசிரியர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளிகளில் ஆய்வை நடத்துவதாகத் திட்டம். இரண்டாம் இயலின் முதல் வரைவைக் கொண்டுவந்தார். ‘இந்திய ஆய்வுகள்’ என்று ஒரு பகுதி, ‘அயல்நாட்டு ஆய்வுகள்’ என்று ஒரு பகுதி. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பத்தி. இன்னார் இந்த ஆண்டில் இத்தனை மாணவர்களிடம் ஆய்வு செய்தார், இந்தக் கருவியைப் பயன்படுத்தினார், வளரறி மதிப்பீடு சாதனையை உயர்த்துகிறது என்று கண்டார் என எல்லாப் பத்திகளும் ஒரே அச்சில் இருந்தன. அயல்நாட்டுப் பகுதியின் முதல் வாக்கியம், வளரறி மதிப்பீட்டின் விளைவு அளவு 0.4 முதல் 0.7 வரை என பிளாக், வில்லியம் ஆகியோர் 1998-இல் கண்டறிந்தனர் என்றது.

“இந்தக் கட்டுரைய நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். இன்னொரு டெசர்ட்டேஷன்ல இருந்துச்சு, அதுல இருந்து எடுத்தேன்.”

“சரி, மூலத்தை எடுத்து எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க.”

பத்து நாள் கழித்து வந்தார். “மேடம், தனித்தனி ஆய்வுக்கு அங்கங்க எண் இருக்கு. ஆனா எல்லாத்தையும் சேத்துச் சொன்ன எண் இதுல இல்லவே இல்ல” என்றார். அன்றைக்குத்தான் அவருடைய இரண்டாம் இயல் தொடங்கியது என்று நான் கருதுகிறேன்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். விளைவு அளவு என்பது சோதனைக் குழுவின் சராசரிக்கும் கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்து வருவது. ஒரு வகுப்பின் சராசரி 50, திட்ட விலக்கம் 15 என்று வையுங்கள். விளைவு அளவு 0.7 என்றால் சராசரி பத்தரை மதிப்பெண் கூடியிருக்கிறது. 0.4 என்றால் 6 மதிப்பெண். 0.2 என்றால் 3 மதிப்பெண். வேறு வகையிலும் சொல்லலாம். நூறு பேரில் நடுவில் நிற்கும் ஒரு மாணவர் 0.7 விளைவால் ஏறக்குறைய 24-ஆம் இடத்துக்கு வந்துவிடுவார், 0.2 விளைவால் 42-ஆம் இடத்துக்குத்தான் வருவார். எனவே 0.7-ஆ 0.2-ஆ என்பது சில்லறை வேறுபாடு அன்று. எதிர்பார்க்கும் விளைவு சிறியது என்றால் உங்களுக்கு அதிக மாணவர்கள் தேவைப்படுவார்கள். முப்பது பேர் கொண்ட இரு வகுப்புகளில் 3 மதிப்பெண் வேறுபாட்டைத் தற்செயலிலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம். இரண்டாம் இயலில் தவறான எண்ணை நம்பினால் மூன்றாம் இயலில் மாதிரியின் அளவு தவறிப்போகும்.

இனி அந்த எண்ணைப் பின்னோக்கித் தொடர்வோம்.

பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் அப்போது லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்தார்கள். 1998-இல் அவர்கள் இரண்டு எழுத்துகளை வெளியிட்டார்கள். ஒன்று, ஆய்விதழ் ஒன்றில் வந்த, எழுபது பக்கத்தை நெருங்கும் மீளாய்வுக் கட்டுரை. 250 அளவிலான ஆய்வுகளை அது ஆராய்கிறது. மற்றொன்று, ஆசிரியர்களுக்கும் கல்விக் கொள்கை வகுப்போருக்கும் அதன் சாரத்தைச் சொன்ன சிறு கட்டுரை. 0.4 முதல் 0.7 என்ற வரம்பு உலகெங்கும் பரவியது இந்தச் சிறு கட்டுரையின் வழியாகத்தான். நீண்ட கட்டுரையிலோ, எல்லா ஆய்வுகளின் எண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் தொகுப்புப் பகுப்பாய்வை, அதாவது மெட்டா அனாலிசிஸை, தாங்கள் ஏன் செய்யவில்லை என்று ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை, அவற்றைக் கூட்டி எடுக்கும் சராசரிக்குப் பொருள் இராது என்பது அவர்கள் கருத்து. கூட்ட மறுத்தவர்களின் பெயரிலேயே ஒரு கூட்டுத்தொகை ஆய்வேட்டுக்கு ஆய்வேடு பயணம் செய்துகொண்டிருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸைச் சேர்ந்த ராண்டி பென்னெட் வளரறி மதிப்பீட்டைப் பற்றி ஒரு திறனாய்வுக் கட்டுரை எழுதி, இந்த வரம்புக்கு உள்ள ஆதாரத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். அந்தக் கட்டுரையைப் படிக்காமல் இந்தப் பொருளில் ஆய்வேடு எழுதக்கூடாது என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம்.

அந்த 0.7-க்கு நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. 1986-இல் லின் ஃபுக்ஸ், டக்ளஸ் ஃபுக்ஸ் இருவரும் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்த சராசரி 0.70. இது உண்மையாகவே கணக்கிட்டு வந்த எண். ஆனால் மூலத்தைத் திறந்தால் என்ன தெரிகிறது? அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிறப்புக் கல்வி பெற்ற குழந்தைகள். அங்கே மதிப்பீடு என்பது வாரத்துக்கு 2 முதல் 5 முறை சிறு அளவீடு எடுத்துக் குழந்தைக்குக் குழந்தை பதிவு செய்வது. நாற்பது பேர் இருக்கும் நம் எட்டாம் வகுப்புக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்து வரமுடியாது.

ஆனாலும் அந்தக் கட்டுரையை ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது அந்தச் சராசரிக்கு உள்ளே இருக்கும் ஒரு பிரிவு. சில ஆய்வுகளில், அளவீடு இப்படி வந்தால் கற்பித்தலை இப்படி மாற்ற வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே விதி இருந்தது. அங்கே விளைவு 0.9 அளவில் வந்தது. வேறு சிலவற்றில் அளவீட்டை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு, என்ன செய்வது என்பதை அவர் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். அங்கே 0.4 அளவில்தான் வந்தது. இரண்டிலும் அளவீடு ஒன்றுதான். அளந்த பிறகு நடந்ததுதான் வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஹரியானாவில் இதை மீண்டும் சந்திப்போம்.

இப்போது அதே எண்ணை முன்னோக்கித் தொடர்வோம். கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையின் கீழே `Cited by` என்று இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவை வரிசையாக வரும். பிளாக், வில்லியம் கட்டுரைக்கு அந்த வரிசை பல்லாயிரம் நீளும். எல்லாவற்றையும் படிக்க ஆயுள் போதாது. அந்த வரிசைக்குள் மட்டும் தேடும் வசதி இருக்கிறது. அங்கே `meta-analysis` என்றும் `critical review` என்றும் இட்டுத் தேடினால் கையளவு கட்டுரைகள் மிஞ்சும்.

என் மாணவிக்கு அப்படிக் கிடைத்தவற்றுள் ஒன்று, நீல் கிங்ஸ்டன், புரூக் நாஷ் 2011-இல் வெளியிட்ட தொகுப்புப் பகுப்பாய்வு. அவர்கள் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்தார்கள். விளைவு அளவைக் கணக்கிடப் போதிய விவரம் இருந்தவை 13 மட்டுமே. அந்த 13-இலிருந்து 42 விளைவு அளவுகள் கிடைத்தன, சராசரி 0.20. பத்தரை மதிப்பெண் இப்போது மூன்றாகிவிட்டது. அவர்களுடைய தேடலையும் கணக்கிடும் முறையையும் அடுத்த ஆண்டே டெரெக் பிரிக்ஸும் உடன் எழுதியவர்களும் குறை சொல்லி எழுதினார்கள் என்பதையும் சேர்த்தே நீங்கள் எழுத வேண்டும். 0.7-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு 0.20-ஐ அந்த இடத்தில் வைத்து வணங்குவது மீளாய்வு ஆகாது.

கிங்ஸ் கல்லூரிக் குழுவினரே இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், மெட்வே பகுதிகளில் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 24 ஆசிரியர்களுடன் வேலை செய்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி 0.32. அங்கே ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பும் அதே பள்ளியில் கிடைத்த ஏதோ ஓர் ஒப்பீட்டு வகுப்போடு வைத்துப் பார்க்கப்பட்டது. தேர்வுகளும் பள்ளிக்குப் பள்ளி வேறு. பின்னர் 2018-இல், இங்கிலாந்தின் 140 உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. அங்கே விளைவு 0.10. நம் கணக்கில் ஒன்றரை மதிப்பெண்.

0.70, 0.32, 0.20, 0.10. இந்த நான்கையும் நான்கு பத்திகளாக எழுதி, எல்லாமே வளரறி மதிப்பீடு பயன்தருகிறது என்று காட்டுகின்றன என முடித்துவிடலாம். அப்படித்தான் பல ஆய்வேடுகள் முடிக்கின்றன. மீளாய்வு எழுதுபவர் கேட்க வேண்டிய கேள்வி, இவை ஏன் வேறுபடுகின்றன என்பது. தேர்வைத் தயாரித்தது யார் என்று பாருங்கள். ஆய்வாளர் கற்பித்ததையே ஆய்வாளர் தயாரித்த வினாத்தாளில் அளந்தால் விளைவு பெரிதாகத் தெரியும். 140 பள்ளிச் சோதனையில் அளவுகோல் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு, எல்லாப் பாடங்களும் சேர்ந்தது. வளரறி மதிப்பீட்டை நடத்தியது யார் என்றும் பாருங்கள். 24 ஆசிரியர்களோடு ஆய்வாளர்கள் நேரில் இருந்து உழைப்பது ஒன்று. 140 பள்ளிகளில் கையேடும் மாதாந்திரக் கூட்டமும் கொண்டு ஆசிரியர்களே நடத்திக்கொள்வது வேறொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘வளரறி மதிப்பீடு’ என்ற பெயரில் அங்கே எது நடந்தது என்று பாருங்கள்.

அந்தப் பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது அவர் மனத்தில் இருந்தது மாணவரல்ல, பாடத்திட்டம். ஒரு பாடத்திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதைச் சோதித்துத் திருத்துவது வளரறி மதிப்பீடு. முடிந்தபின் அதன் தரத்தைச் சொல்வது தொகுத்தறி மதிப்பீடு. பெஞ்சமின் புளூம் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அவரிடத்தில் அது ஒவ்வோர் அலகின் முடிவிலும் வைக்கும் சிறு தேர்வு; எங்கே தவறினார்கள் என்று கண்டு திருத்தப் பயிற்சி கொடுத்த பிறகே அடுத்த அலகு. 1989-இல் ஆஸ்திரேலியாவின் ராய்ஸ் சாட்லர் எழுதியபோது மையம் மாணவருக்கு நகர்ந்தது. நல்ல வேலை எப்படி இருக்கும், தன் வேலை எங்கே நிற்கிறது, இடைவெளியை எப்படி மூடுவது என்ற மூன்றும் மாணவருக்கே தெரிய வேண்டும் என்றார். ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தால் போதாது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2012–13-இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது உங்களில் ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதில் வளரறி (அ) செயல்பாடுகளுக்கு 20, வளரறி (ஆ) சிறு தேர்வுகளுக்கு 20. ஆக, நம் பள்ளியில் ‘எஃப்.ஏ. மார்க்’ என்றால் பருவ முடிவில் கூட்டப்படும் மதிப்பெண். சாட்லர் சொன்ன பொருளில் பார்த்தால், கூட்டுவதோடு நின்றுவிடும் மதிப்பெண் வளரறி ஆகாது. அதைக் கொண்டு யாராவது எதையாவது மாற்றினால்தான் ஆகும். நம் ஆசிரியர்களில் பலர் அப்படி மாற்றவும் செய்தார்கள். வளரறி (ஆ)வில் ஒளிச்சேர்க்கைக் கேள்வியில் பாதி வகுப்பு தவறியதைப் பார்த்து மறுநாள் அதை வேறு வழியில் நடத்திய ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் சாட்லரையும் எஃப்.ஏ. மார்க்கையும் ஒரே பத்தியில் சேர்த்துத் தைக்காதீர்கள்.

பெயர்ச்சிக்கல் தேடலையும் பாதிக்கிறது. ஒரே சொல்லை இட்டுத் தேடினால் பாதிக்கு மேல் தப்பிப்போகும். எரிக் என்னும் இலவசக் கல்வித் தரவுத்தளத்தில் நாங்கள் தொடங்கிய தேடல் வரி இது:

```
("formative assessment" OR "formative evaluation"
 OR "assessment for learning") AND science
```

சோத்கங்காவில் இது போதாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃப்லிப்னெட் மையம் அங்கே சேர்த்து வைத்திருக்கிறது. இங்கே நடந்த ஆய்வுகளில் பல `continuous and comprehensive evaluation` என்ற பெயரிலும், வெறுமனே `CCE` என்றும், சில `unit test`, `feedback` என்றும் இருக்கும். நம் எம்.எட். ஆய்வேடுகளில் பெரும்பகுதி இணையத்துக்கே வருவதில்லை. கல்லூரி நூலக அலமாரியில்தான் தேட வேண்டும். எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்த வரியை இட்டீர்கள், எத்தனை வந்தன, எத்தனை வைத்துக்கொண்டீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். வைவாவில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் குறிப்பேடு.

தேடல் வரியை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு பிளாக், வில்லியம் கட்டுரையே சான்று. அவர்களுக்கு முன்னால் இதே பரப்பில் இரண்டு மீளாய்வுகள் ஓராண்டு இடைவெளியில் வந்திருந்தன. காரி நேட்ரியெல்லோ 1987-இல் 91 நூல்களையும் கட்டுரைகளையும் சுட்டியிருந்தார். டெரன்ஸ் க்ரூக்ஸ் 1988-இல் 241-ஐச் சுட்டியிருந்தார். இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக இருந்தவை 9. தேர்ந்த ஆய்வாளர் இருவர் ஒரே பொருளைத் தேடி இவ்வளவு விலகிப் போயிருக்கிறார்கள். அதனால்தான் பிளாக்கும் வில்லியமும் 76 ஆய்விதழ்களின் பொருளடக்கத்தை இதழ் இதழாகப் புரட்டினார்கள். நீங்கள் 76 இதழ் புரட்ட வேண்டாம். உங்கள் பொருளுக்கு நெருங்கிய இரண்டு இதழ்களின் கடைசி ஐந்தாண்டுப் பொருளடக்கத்தைப் புரட்டினால்கூடத் தேடல் வரிக்கு அகப்படாத கட்டுரைகள் கிடைக்கும்.

கிடைத்தவற்றை என்ன செய்வது? என் மாணவியிடம் ஓர் அட்டவணை போடச் சொன்னேன். வரிசைக்கு ஓர் ஆய்வு. யாரிடம் நடந்தது, வளரறி மதிப்பீடு என்று எதைச் செய்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், தேர்வு யாருடையது, முடிவு என்ன என்று பத்திகள். முடிவுக்கு முன்னால் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தோம். அதன் தலைப்பு ‘மதிப்பிட்ட பிறகு நடந்தது’. ஃபுக்ஸ் கட்டுரையில் பார்த்த அந்த 0.9, 0.4 வேறுபாடுதான் இந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னது.

இந்தியாவில் நடந்த இரண்டு பெரிய சோதனைகளை அந்தப் பத்தியில் எழுதும்போது என் மாணவி முகம் மாறியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒன்று ஹரியானாவில் நடந்தது. 500 அரசுப் பள்ளிகளைக் கொண்ட அந்தச் சோதனையில், ஆசிரியர்களுக்குத் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் பயிற்சி கொடுத்துப் பதிவேடுகளும் கொடுத்தார்கள். மாணவர் கற்றலில் வேறுபாடு தெரியவில்லை. அதே ஆய்வில், தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளை வாசிக்கும் நிலைக்கு ஏற்பக் குழுவாக்கி அந்த நிலையிலிருந்தே கற்பித்த வேறொரு திட்டமும் சோதிக்கப்பட்டது. அது இந்தி மொழியின் அடிப்படைத் திறன்களை உயர்த்தியது. மற்றொன்று ஆந்திரத்து ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் நடத்தி 2010-இல் வெளியிட்டது. குழந்தைகள் எங்கே பின்தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லும் குறையறி அறிக்கையை எழுதி ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். ஆய்வுக் குழுவினர் பார்க்கும்போது அந்த ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தார்கள். ஆனால் ஆண்டு முடிவில் குழந்தைகளின் மதிப்பெண் மற்றப் பள்ளிகளைவிட உயரவில்லை.

1986-இல் அமெரிக்கச் சிறப்புக் கல்வி வகுப்புகள், 2010-இல் ஆந்திரம், பின்னர் ஹரியானா. ‘இந்திய ஆய்வுகள்’, ‘அயல்நாட்டு ஆய்வுகள்’ என்று பிரித்து வைத்திருந்தால் இவை ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. ‘மதிப்பிட்ட பிறகு நடந்தது’ என்ற பத்தியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒன்றாகப் பேசுகின்றன. மதிப்பீட்டைத் தொடர்ந்து கற்பித்தல் மாறும் இடத்தில் கற்றல் நகர்கிறது. அறிக்கையோடு நின்ற இடத்தில் நகரவில்லை. இது என் ஊகம் அல்ல, அட்டவணையில் தெரிவது. ஆனால் இந்த ஆய்வுகள் எதுவும் அந்த ஒன்றை மட்டும் தனியே மாற்றிச் சோதிக்கவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தயக்கத்தையும் எழுத்தில் காட்ட வேண்டும்.

ஒரு கட்டுரையை மூலத்தில் படிப்பதால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்கு ரூத் பட்லரைச் சொல்கிறேன். 1988-இல் இஸ்ரேலில் அவர் செய்த ஆய்வு நம் ஆய்வேடுகளில் அடிக்கடி வருகிறது. ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். கருத்துரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் வேலையிலும் மேம்பட்டார்கள். மதிப்பெண்ணைச் சேர்த்ததும் கருத்துரையின் பயன் போய்விட்டது. இதைப் படித்துவிட்டு நம் ஆய்வேடுகள் உடனே, அறிவியல் பாடத்தில் மதிப்பெண் தராமல் கருத்துரை தரவேண்டும் என்கின்றன. மூலத்தைத் திறந்தால், அந்தக் குழந்தைகள் செய்தது பாடநூல் வேலை அன்று என்று தெரியும். ஒரு நீண்ட சொல்லின் எழுத்துகளிலிருந்து வேறு சொற்களை ஆக்குவது போன்ற பணிகள் அவை. ஒரு பருவம் முழுக்க நடந்த கற்பித்தலும் அன்று, சில அமர்வுகள்தாம். ஆய்வின் மதிப்பு இதனால் குறைவதில்லை. அது எதுவரை நீளும் என்பது தெரிகிறது, அவ்வளவுதான். பின்னூட்டம் எப்போதும் நல்லது என்ற எண்ணத்தோடு வருபவர்கள், 1996-இல் க்ளூகரும் டெநீசியும் 607 விளைவு அளவுகளைத் தொகுத்த கட்டுரையையும் பார்க்க வேண்டும். சராசரி 0.41 என்று நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது.

இப்போது எழுதும் வேலை. என் மாணவியின் பழைய வரைவில் ஃபுக்ஸ், ஹரியானா, ஆந்திரம் மூன்றும் மூன்று இடத்தில் ‘ஆய்வு செய்தார், கண்டறிந்தார்’ என்று கிடந்தன. திருத்திய வரைவில் அவை இப்படி ஒரு பத்தியாயின. அவர் அனுமதியோடு வாசிக்கிறேன்:

“மதிப்பீட்டின் விளைவு அதைத் தொடர்ந்து ஆசிரியர் செய்வதைச் சார்ந்திருக்கலாம் என்று மூன்று ஆய்வுகள் காட்டுகின்றன. அளவீட்டுக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்ற விதி இருந்தபோது விளைவு இருமடங்குக்கு மேல் இருந்தது (ஃபுக்ஸ், ஃபுக்ஸ், 1986). ஆனால் அவை பெரும்பாலும் சிறப்புக் கல்விச் சூழலில் நடந்தவை. பொதுப் பள்ளிகளில், ஆசிரியருக்கு அறிக்கை மட்டும் தந்த ஆந்திரச் சோதனையும், பதிவேட்டை வலியுறுத்திய ஹரியானாச் சோதனையும் கற்றலில் மாற்றம் காணவில்லை. மூன்றிலும் மதிப்பீட்டின் வடிவமே வேறு என்பதால், பின்தொடர் கற்பித்தலின் பங்கை மட்டும் இவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.”

பத்தி ஒரு கருத்தோடு தொடங்குகிறது, ஆளின் பெயரோடு அல்ல. சான்றும் அதன் எல்லையும் அடுத்தடுத்து வருகின்றன. கடைசி வாக்கியத்தில் ஆய்வு இடைவெளி தானாக வந்து நிற்கிறது. ‘இத்தலைப்பில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை’ என்று நம் ஆய்வேடுகள் எழுதும் வாக்கியத்துக்கு இங்கே தேவையே இல்லை. அந்த வாக்கியத்தை யாரும் மெய்ப்பிக்க முடியாது. இத்தனை தளத்தில் இத்தனை சொல்லை இட்டு இந்த ஆண்டுவரை தேடியதில், பின்தொடர் வேலையை மட்டும் மாற்றிச் சோதித்த ஆய்வு பள்ளி அறிவியலில் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால், அதைக் குறிப்பேட்டைத் திறந்து காட்டலாம்.

அந்த மாணவியின் அட்டவணையில் இன்னொன்றும் தெரிந்தது. நம் மாநிலத்தில் நடந்தவை என்று அவர் சேர்த்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘மதிப்பிட்ட பிறகு நடந்தது’ பத்தி காலியாக இருந்தது. எத்தனை தேர்வு, எத்தனை செயல்பாடு, எந்த டி-மதிப்பு என்று எல்லாம் இருந்தன. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில் வகுப்பில் என்ன நடந்தது என்பது மட்டும் இல்லை. நடக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை, எழுதப்படவில்லை. அட்டவணையில் அதைக் காலியாகவே விடுங்கள். உங்கள் ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

அந்தக் காலிப் பத்தியைப் பார்த்த பிறகு அவர் தலைப்பையே மாற்றினார். எஃப்.ஏ. வைத்த வகுப்பு, வைக்காத வகுப்பு என்ற பழைய ஒப்பீட்டைக் கைவிட்டார். புதிய திட்டத்தில் இரண்டு வகுப்புகளுக்கும் அதே ஐந்து சிறு தேர்வுகள், அதே வினாத்தாள், அதே மாணவ ஆசிரியர். ஒரு வகுப்பில் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணோடு திருப்பிக் கொடுப்பது. மற்றொரு வகுப்பில் தவறிய விடைக்குப் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுதிக் கொடுத்து, அடுத்த பீரியடின் தொடக்கத்தில் அந்த விடையை மட்டும் மீண்டும் எழுதவைப்பது. நேரத்தைச் சமன் செய்ய, முதல் வகுப்புக்கு அதே பதினைந்து நிமிடம் வழக்கமான மீள்பார்வை. கற்பித்தல் பயிற்சிக் காலம் குறுகியது, வகுப்புகளைக் குலுக்கிப் பிரிக்க முடியாது, ஆகவே பெரிய விளைவை எதிர்பார்க்கக்கூடாது என்று மூன்றாம் இயலின் முதல் பக்கத்திலேயே எழுதினார். அந்த எதிர்பார்ப்புக்கு அவர் கொடுத்த எண் 0.2. பக்கத்திலேயே அது எந்த 13 ஆய்வுகளிலிருந்து வந்தது, அதை யார் மறுத்தார்கள் என்றும் இரண்டு வரி எழுதியிருந்தார்.